இருநூற்று முப்பத்தெட்டு டிகிரியில் சமோசா

எங்கள் கம்பெனிக்கு வேலை கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. எட்டு பிட்டில் மைனஸ் ஐந்தை எழுதிக் காட்டு. பிட் என்றால் வேறொன்றுமில்லை, ஒன்றோ பூஜ்ஜியமோ எழுதுகிற ஓர் இடம். எட்டு இடம் இருந்தால் பூஜ்ஜியம் முதல் இருநூற்று ஐம்பத்தைந்து வரை எழுதலாம். ஆனால் அதில் மைனஸ் குறி போட இடமே கிடையாது. அதனால் ஐந்தை எழுதி, ஒன்றையெல்லாம் பூஜ்ஜியமாக்கி, பூஜ்ஜியத்தையெல்லாம் ஒன்றாக்கி, கடைசியில் ஒன்றைக் கூட்ட வேண்டும். 00000101 என்பது 11111010 ஆகி, பிறகு 11111011 ஆகும். அதுதான் மைனஸ் ஐந்து.

எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு வியர்க்கும். பாதிப் பேர் திருப்பிப் போட்டுவிட்டு ஒன்றைக் கூட்ட மறந்துவிடுவார்கள். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இதுகூடத் தெரியாமல் நாலு வருஷம் என்ன படித்தீர்கள்?" என்பேன். பதினான்கு வருஷ அனுபவம் தருகிற திமிர் அது. எத்தனை பிள்ளைகளை அப்படி அனுப்பியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க இப்போது எனக்குத் தைரியம் இல்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மாடியில் பதினோரு பேர் உட்கார்ந்து வெப்பநிலை காட்டும் பெட்டி செய்கிறோம். உள்ளே ஒரு சின்னச் சிப், வெளியே சிவப்பு எண்கள், அறைக்குள் தொங்கவிட ஒரு சென்சார். அறை சூடானால் கம்ப்ரசரைப் போடும், குளிர்ந்தால் நிறுத்தும், அளவு மீறினால் அலறும். சிப்புக்குள் ஓடுகிற புரோகிராம் என்னுடையது. பழம் பழுக்க வைக்கும் அறை, மருந்துக் கடை ஃப்ரிட்ஜ் என்று பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு புகாரும் வந்ததில்லை.

பெட்டியைச் சோதிக்க எங்களிடம் ஒரு சம்பிரதாயம் உண்டு. கீழே இருக்கிற ஜூஸ் கடையிலிருந்து ஒரு டம்ளர் ஐஸ், பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் டீ. சென்சாரை ஐஸில் வைத்தால் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். டீயில் வைத்தால் எழுபது, எண்பது என்று ஏற வேண்டும். இரண்டும் சரியென்றால் பெட்டி பாஸ். ஐஸை ஜூஸ் கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டார், டீயை யாரும் குடிக்க மாட்டோம். சென்னைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய குளிரும் சூடும் எதற்கு என்று நினைத்துவிட்டோம்.

பூந்தமல்லியில் ஒரு பாய் குளிர்கிடங்கு வைத்திருக்கிறார். அவர் குடும்பம் இரண்டு தலைமுறையாக சமோசா செய்து கடைகளுக்குப் போடுகிறது. இப்போது மடித்த சமோசாவை அப்படியே உறையவைத்துப் பெட்டி பெட்டியாக அனுப்புகிறார்கள். கிடங்கு எப்போதும் மைனஸ் பதினெட்டில் இருக்க வேண்டும். எங்கள் பெட்டியை வாங்கினார். நானே போய் மாட்டினேன். அன்று அறையில் சரக்கு இல்லை, கழுவிவிட்டிருந்தார்கள். பெட்டி முப்பத்து நான்கு காட்டியது. கம்ப்ரசரைப் போட்டோம். முப்பது, இருபத்தைந்து என்று இறங்கியது. பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. நான் சாப்பிட்டு முடித்தபோது பன்னிரண்டு. "சூப்பரா இறங்குது பாய்" என்று சொல்லி, பெட்டியின் மூடியில் கம்பெனி சீலை ஒட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். பூஜ்ஜியம் வரும்போது நான் பட்டாபிராமில் என் வீட்டு சோபாவில் படுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை பாயின் போன். "என்னங்க பெட்டி இது? இருநூத்தி முப்பத்தெட்டு டிகிரி காட்டுது. உள்ள சமோசாவ உறையவெக்கிறேனா, பொரிக்கிறேனா?"

எங்கள் எம்.டி. பக்கத்தில்தான் நின்றார். நல்ல மனிதர். ஆனால் உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் அவரிடம் இரண்டே காரணங்கள்தான். ஒன்று, வாடிக்கையாளர் வீட்டில் எர்த்திங் சரியில்லை. இரண்டு, சீலை உடைத்திருப்பார்கள். "போய் மொதல்ல சீலைப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். சீல் உடைந்திருந்தது.

மூடி திறந்து, அலாரத்துக்குப் போகிற ஒயர் நறுக்கப்பட்டிருந்தது. முகப்பில் 238 சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. கதவோரம் ஸ்டூலில் கிடங்கின் ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். மடியில் சாப்பாட்டுப் பை, அதன்மேல் மடித்த ஸ்வெட்டர். உள்ளே போகும்போது போடுகிற ஸ்வெட்டரை மடித்துப் பையோடு வைத்திருக்கிறார் என்றால் வீட்டுக்குப் போகத் தயார் என்று அர்த்தம்.

"இவன்தான் தொறந்தான்" என்றார் பாய். "பதினாறு வருஷமா இருக்கான், ஒரு பேச்சு கேக்க மாட்டான். பெட்டியில கைய வெச்சுட்டான், அது புத்தி பேதலிச்சுப் போச்சு. நீங்க பாத்து எழுதிக் குடுங்க. இவன் உடைச்சதாலதான்னா இன்னிக்கே கணக்க முடிச்சு அனுப்பிடறேன்."

"அது மூணு நாளா ஊளை உட்டுகினு இருந்துச்சு பாய்" என்றார் ஆபரேட்டர், பாயைப் பார்க்காமல். "காது கிய்ஞ்சி போச்சு. ஒயர மட்டும்தான் வெட்னேன். வேற எதையும் தொடல. சொன்னா யாரு நம்புறாங்க."

சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகம் என் பையில் இருந்தது. அதில் 'பழுதுக்கான காரணம்' என்று ஒரு கட்டம். அதில் நான் என்ன எழுதுகிறேனோ அதுதான் அந்த மனிதரின் வேலை. எம்.டி.க்கு போன் போட்டேன். "சீல் உடைஞ்சிருக்கா? அப்ப முடிஞ்சுது. அதையே எழுதி, கையெழுத்து வாங்கிட்டு வந்துடு" என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பேனாவைத் திறந்துவிட்டேன். 'சீல் உடை' என்று எழுதியும்விட்டேன். அப்போதுதான் ஆபரேட்டர், "எய்து சார், எய்து. ஆனா எய்தறதுக்கு முன்னால இத்த ஒருவாட்டி பாத்துட்டு எய்து" என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் சாக்பீஸால் இரண்டு வரிசை எண்கள். அறைக்குள் தொங்குகிற பழைய சிவப்புத் தண்ணீர் தெர்மாமீட்டரில் பார்த்தது இடப்பக்கம். எங்கள் பெட்டி காட்டியது வலப்பக்கம். மைனஸ் பதினெட்டுக்கு நேரே 238. மைனஸ் இருபதுக்கு 236. மைனஸ் பதினைந்துக்கு 241. ஐஸ் உருக்க நிறுத்தியபோது மைனஸ் பதினொன்று, அதற்கு நேரே 245. மேலே முதல் நாள் கணக்கு: பத்துக்குப் பத்து, நாலுக்கு நாலு, பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம்.

"ஜீரோ வரைக்கும் ஒயுங்காத்தான் காட்னுச்சு சார். அப்பால மைனஸ் ஒண்ணு ஆச்சு பாரு, ஒரே தாவா தாவி எரநூத்தி அம்பத்தஞ்சு! நானும் இன்னாடா இதுன்னு எல்லாத்தையும் எய்தி வெச்சேன். மைனஸ கண்டுக்காம ரெண்டையும் கூட்டிப் பாரு. எத்தக் கூட்னாலும் எரநூத்தி அம்பத்தாறு வருது. அது ஏன் சார்?"

எனக்குக் கால் சில்லென்றது. கிடங்குக் கதவு மூடித்தான் இருந்தது.

"ஒரு நிமிஷம், உள்ளே போய்ப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மைனஸ் பதினெட்டில், அரைக்கைச் சட்டையோடு, சமோசாப் பெட்டிகளுக்கு நடுவே போய் நின்றேன். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. முகத்தை ஒளிக்க ஓர் இடம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். பற்கள் தந்தியடிக்க மனதுக்குள் கணக்குப் போட்டேன். பதினெட்டு என்றால் 00010010. திருப்பிப் போட்டால் 11101101. ஒன்று கூட்டினால் 11101110. சென்சார் அதைத்தான் அனுப்பியிருக்கிறது, மிகச் சரியாக. அதை மைனஸ் என்று வாசித்தால் மைனஸ் பதினெட்டு. மைனஸே இல்லாத எண் என்று வாசித்தால் 238. புரோகிராமில் அந்த எண்ணை வாங்கிக்கொள்கிற வரியில், இது குறியில்லாத எண் என்று ஒரு சொல்லை நானே எழுதியிருக்கிறேன். பிள்ளைகளை வியர்க்க வைக்கிற அதே பாடம். ஆங்கிலத்தில் எட்டு எழுத்துள்ள அந்த ஒரு சொல், வெளியே ஒரு மனிதனை மடியில் பையோடு உட்கார வைத்திருக்கிறது.

அப்போதும் உள்ளே ஒரு குரல், 'எர்த்திங் என்று சொன்னால் யாருக்கும் நஷ்டம் இல்லையே' என்றது. எம்.டி.யின் குரல் போலவும் இருந்தது, என் குரல் போலவும் இருந்தது. ஆனால் எர்த்திங் கோளாறு தாறுமாறாகக் காட்டுமே தவிர, ஒவ்வொரு முறையும் 256 வருகிற மாதிரி ஒழுங்காகத் தப்பு செய்யாது. அதைச் சுவரில் எழுதி வைத்துவிட்டு ஒருவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்து என்னால் எர்த்திங் என்று சொல்ல முடியாது என்று தெரிந்தது. கூடவே, இன்னும் இரண்டு நிமிடம் நின்றால் நானும் உறைந்துபோவேன் என்றும் தெரிந்தது.

வெளியே வந்தேன். "பாய், தப்பு என்னோடது" என்றேன். பல் அடித்துக்கொண்டதில் அது சரியாக விழவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பாய் லேசில் விடுகிற ஆள் இல்லை. "உங்க பெட்டிக்கு மைனஸே தெரியாதுன்னா, கம்ப்ரசர் மட்டும் எப்படி ஒழுங்காப் போட்டு நிறுத்துது? சரக்கு கல்லு மாதிரி இருக்கே. இவனைக் காப்பாத்தக் கதை சொல்றீங்களா?"

நியாயமான கேள்வி. சாக்பீஸை வாங்கிச் சுவரிலேயே எழுதினேன். "சிப்புக்குக் கழிக்கத் தெரியாது பாய். கூட்ட மட்டும்தான் தெரியும். மார்க்கெட் தெரு ஒன்வேன்னு வெச்சுக்கோங்க. சுத்தி வந்தா மொத்தம் 256 கடை. இருபது கடை பின்னாடி போகணும்னா ஷேர் ஆட்டோ என்ன பண்ணும்?"

"சுத்திகினு வரும்" என்றார் ஆபரேட்டர். "எரநூத்தி முப்பத்தாறு கடை முன்னால போனா அதே கடைதான்."

அவ்வளவுதான் விஷயம். பின்னால் இருபது என்பதும் முன்னால் இருநூற்று முப்பத்தாறு என்பதும் ஒரே கடை. மைனஸ் இருபதைச் சிப் 236 என்று வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான். கம்ப்ரசரை நிறுத்த வைத்திருக்கும் அளவு மைனஸ் இருபது, அறை இருப்பது மைனஸ் பதினெட்டு. எவ்வளவு அதிகம் என்று பார்க்க 238-இலிருந்து 236-ஐக் கழிக்க வேண்டும். கழிக்கத் தெரியாத சிப் 236-ஐத் திருப்பிப் போட்டு ஒன்றைக் கூட்டும். இருபது வரும். அந்த இருபதை 238-உடன் கூட்டும். 258. எட்டு இடத்தில் 258 கொள்ளாது, 256 வெளியே விழுந்துவிடும். மிச்சம் இரண்டு. இரண்டு டிகிரி அதிகம், கம்ப்ரசரைப் போடு. பார்க்கிறவன் அதை மைனஸ் பதினெட்டு என்று படித்தாலும் 238 என்று படித்தாலும் கூட்டலுக்குக் கவலை இல்லை, விடை சரியாகவே வரும். முகப்பில் காட்டுகிற இடத்திலும் அலாரத்திலும்தான் எண்ணை அப்படியே வாசிக்க வேண்டும். அங்கேதான் நான் சொதப்பியிருந்தேன். அலாரம், அறை 238 டிகிரியில் வேகிறது என்று நினைத்து அலறியிருக்கிறது.

பாய் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப மூணு நாளா எங்கிட்ட உண்மையக் கத்திச் சொன்னது இவன். பொய்யக் கத்திச் சொன்னது உங்க பெட்டி."

"ஆமா பாய்."

"ஆபீஸ்ல சோதிக்கவே மாட்டீங்களா?"

ஐஸ் டம்ளர் கதையைச் சொன்னேன். ஆபரேட்டர் தலையில் அடித்துக்கொண்டார். "வெறும் ஐஸ் ஜீரோவுலயே நிக்கும் சார். ஒரு கை உப்பப் போட்டா மைனஸ்ல போவும். குல்ஃபி விக்கறவனுக்குத் தெரியும் சார் இது!"

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. பதினான்கு வருஷம், பதினோரு பேர், ஒருவனுக்குக்கூட உப்புத் தோன்றவில்லையே என்று.

ரிப்போர்ட்டில் 'சீல் உடை' என்பதை அடித்தேன். 'பழுதுக்கான காரணம்: புரோகிராம் எழுதிய பொறியாளரின் தவறு' என்று எழுதி, அந்தப் பொறியாளர் யார் என்று சந்தேகம் வராமல் இருக்க என் பெயரையும் எழுதினேன். 'ஆபரேட்டர் ஒயரை வெட்டியதற்கும் பழுதுக்கும் சம்பந்தம் இல்லை' என்று கீழே ஒரு வரி. பாய் அதை இரண்டு தரம் படித்தார். "பழுது பாக்க வந்தவன் தன் பேரையே எழுதி இப்பத்தான் பாக்கறேன்" என்று கையெழுத்துப் போட்டார். பிறகு ஸ்டூல் பக்கம் திரும்பி, "என்ன இன்னும் குந்தியிருக்கே? ஸ்வெட்டரப் போடு. வண்டி வந்துரும், சரக்கு ஏத்தணும்" என்றார். அவர் மன்னிப்புக் கேட்ட விதம் அது. ஆபரேட்டரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

லேப்டாப்பை மாட்டி அந்த ஒரு சொல்லை எடுத்தேன். புரோகிராமை மறுபடி ஏற்றினேன். முகப்பு ஒரு கணம் அணைந்து, -18 என்று எரிந்தது. நறுக்கிய ஒயரை ஒட்டவைத்தேன். அலாரம் வாயைத் திறக்கவில்லை. புது சீலை ஒட்டும்போது ஆபரேட்டர் சொன்னார், "நல்லா அயுத்தி ஒட்டு சார். மறுபடி ஊளை உட்டா மறுபடி கிய்ப்பேன்."

எம்.டி. அன்று மாலை முழுக்க என்னிடம் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "எர்த்திங்னு எழுதியிருக்கலாம்" என்றார். பட்டாபிராம் வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். வருத்தமாக இல்லை. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று லேசாகக் கர்வம்கூட இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு பாயின் போன். "மறுபடியும் 238! நோட்டுல எழுதி வெச்சிருக்கான்!"

கர்வம் எல்லாம் கரைந்துபோய்விட்டது. எம்.டி.யிடம் சொல்லாமல் வண்டியில் பறந்தேன். போய்ப் பார்த்தால் பெட்டி சாதுவாக -18 காட்டிக்கொண்டிருந்தது. டிகிரி குறித்து வைக்கிற நோட்டில் மட்டும் அடுத்த ஷிப்டு ஆள் கையெழுத்தில் வரிசையாக 238, 237, 238. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஆபரேட்டர் சுவர் முன்னால் திருதிருவென்று நின்றுகொண்டிருந்தார். சாக்பீஸ் வரிசைகளுக்கு மேலே, நேற்று எண்களை மட்டுமே பார்த்த என் கண்ணில் படாமல், பெரிய எழுத்தில், 'பொட்டில இன்னா வந்தாலும் 256-ல கயிச்சி எய்து' என்று இருந்தது. பெட்டி தப்பாகக் காட்டிய நாட்களில் அடுத்த ஷிப்டு ஆளுக்காக அவர் எழுதி வைத்தது. 238-ஐக் கழித்தால் பதினெட்டு வரும், அதை மைனஸாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஆள் நேற்று வந்தார், பெட்டியில் பதினெட்டைப் பார்த்தார், முன்னால் இருந்த மைனஸ் கோட்டைக் கண்டுகொள்ளவில்லை, சொன்னபடி 256-இல் கழித்தார், 238 என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார்.

பாய் வாயைத் திறப்பதற்குள் ஆபரேட்டர் முந்திக்கொண்டார். "அவன ஒண்ணும் சொல்லாத பாய். பொட்டி மேலயும் தப்பு இல்ல. சொவுத்துல எய்தனத நான்தான் அயிக்காம உட்டேன்."

பிறகு என் பையைக் காட்டி, "அந்தப் புக்க எடு சார்" என்றார்.

"எதுக்குண்ணே? பெட்டியிலதான் பழுதே இல்லையே. ரிப்போர்ட் எழுத வேண்டாம்" என்றேன்.

"எய்து சார். நேத்து நீ உன் பேர எய்தினல்ல? இன்னிக்கு என் பேர எய்து."

பாயைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். நான் எழுதினேன். 'பழுதுக்கான காரணம்' என்கிற கட்டத்தில் அவர் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அவரே சொல்ல, எழுதினேன். வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, திருப்தியோடு கையெழுத்துப் போட்டார். அப்புறம் ஸ்வெட்டர் கையால் சுவரை அழித்தார்.

அந்த இரண்டு தாளும் அடுத்தடுத்து எங்கள் ஆபீஸ் ஃபைலில் இருக்கின்றன. எம்.டி. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறார். வேலை கேட்டு வருகிற பிள்ளைகளிடம் மைனஸ் ஐந்தை நான் இப்போதும் கேட்கிறேன். ஒன்றைக் கூட்ட மறந்தால், "பரவாயில்லை, நிதானமாகப் பாருங்கள்" என்கிறேன். என் மேசையில், பேனா வைக்கிற டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு கிலோ கல் உப்பு இருக்கிறது.